ஒரே பள்ளியில் மூன்று kavitham2009

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கம்ப்யூட்டர் லேப் ஆசிரியரின் மேசைக்கு ஒரு வேலை வந்து சேரும். பத்தாம் வகுப்பில் மூன்று பிரிவு, 120 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் லேப் கணினியில் நுழைய ஒரு யூசர்நேம் வேண்டும். பெயர், அதையடுத்து இனிஷியல், அதையடுத்து பிறந்த ஆண்டு என்று வரிசையாக ஒட்டிக்கொண்டால் போதும் என்று யாரோ விதி வகுத்திருப்பார்கள். கவிதா, இனிஷியல் எம், 2009-இல் பிறந்தவள் என்றால் அவள் kavitham2009. பிள்ளைகளுக்கு மறக்காது, ஆசிரியருக்கும் ஊகிக்க எளிது. 120 பெயரையும் கையால் அடிக்க உட்கார்ந்தால் ஒரு மதியம் போய்விடும். எழுத்துப்பிழையும் சேர்ந்தே வரும். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ லிப்ரே ஆஃபிஸ் கால்க்கிலோ ஒரே வரி ஃபார்முலா அதைச் செய்துவிடும்.

முதல் வரியில் தலைப்புகள் இருக்கட்டும். A நெடுவரிசையில் பெயர், B-யில் இனிஷியல், C-யில் பிறந்த தேதி. D2 கட்டத்தில் இதை அடிக்க வேண்டும்:

```
=LOWER(A2&LEFT(B2,1)&YEAR(C2))
```

உள்ளிருந்து படித்தால் இது புரிந்துவிடும். LEFT(B2,1) என்பது B2-வில் இருப்பதன் முதல் எழுத்தை மட்டும் எடுக்கும். அங்கே M என்று இருந்தாலும் சரி, Murugan என்று அப்பா பெயர் முழுதாக இருந்தாலும் சரி, கிடைப்பது M தான். YEAR(C2) தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுக்கும். நடுவில் இருக்கும் & குறி துண்டுகளை ஒட்டுகிறது. வெளியே இருக்கும் LOWER எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குகிறது. இந்தக் கடைசி வேலை அழகுக்காக அல்ல. விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பேதம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். லேப்பில் இரண்டும் இருந்தால் Kavitham2009 என்று அடித்த பிள்ளைக்கு ஒரு கணினி திறக்கும், பக்கத்துக் கணினி திறக்காது. எல்லாமே சின்ன எழுத்து என்று ஒரேயடியாக வைத்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

D2 கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து 121-ஆம் வரி வரை இழுத்துவிட்டால் பட்டியல் நிரம்பிவிடும். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது. மீதி மதியம் எங்கே போகிறது என்றால், இந்த மூன்று நெடுவரிசையிலும் உண்மையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்.

பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் பெயர், கடைசிப் பெயரின் முதல் எழுத்து என்ற இந்த விதி குடும்பப் பெயர் உள்ள ஊர்களில் பிறந்தது. நமக்கு இருப்பது இனிஷியல். அதுவும் பெயருக்கு முன்னால் வரும். பதிவேட்டிலோ பின்னாலும் வரும். ஒரே பட்டியலில் M.Kavitha, Kavitha M, KAVITHA.M மூன்றும் இருக்கும், ஏனென்றால் மூன்று பிரிவுப் பட்டியலை மூன்று பேர் அடித்திருப்பார்கள். பெயரும் இனிஷியலும் ஒரே கட்டத்தில் கிடந்தால் முதலில் பிரித்தாக வேண்டும். இதற்கென்று பட்டியலை ஒரு தனித் தாளில் A நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, புள்ளியை இடைவெளியாக்கி, தேவையற்ற இடைவெளிகளை நீக்கி B2-வில் வைக்கலாம்:

```
=TRIM(SUBSTITUTE(A2,"."," "))
```

இப்போது எல்லாமே M Kavitha அல்லது Kavitha M என்று இரண்டே வடிவத்தில் வந்துவிடும். இரண்டாவது எழுத்து இடைவெளியாக இருந்தால் இனிஷியல் முன்னால், இல்லாவிட்டால் பின்னால் என்று சொல்லிக் கொடுத்தால் போதும்:

```
=IF(MID(B2,2,1)=" ",LEFT(B2,1),RIGHT(B2,1))
```

இது சாமர்த்தியமாகத் தோன்றும், ஆனால் முழுவதும் நம்பக் கூடாது. வெறும் Arun என்று இனிஷியல் இல்லாமல் எழுதியிருந்தால் இந்த ஃபார்முலா n தான் இனிஷியல் என்று சொல்லிவிடும். Fathima Begum என்ற பெயருக்கு m என்று சொல்லும். S.P.Arun என்று இரண்டு இனிஷியல் இருந்தால் S-ஐ எடுக்கும். இரண்டு இனிஷியல் வரும்போது வழக்கமாக முதலாவது ஊர் அல்லது தாத்தா, பெயரை ஒட்டியிருப்பது அப்பா. இப்போது அம்மா, அப்பா இருவரின் எழுத்தையும் போடுபவர்களும் உண்டு. எதை எடுப்பது என்று ஃபார்முலா முடிவு செய்ய முடியாது, பள்ளிதான் செய்ய வேண்டும். என் அபிப்பிராயம், பெயரை ஒட்டி நிற்கும் எழுத்தை எடுப்பது என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டு, விதிக்கு அடங்காத பத்துப் பதினைந்து பெயர்களைக் கையாலேயே திருத்திவிடலாம். அவற்றுக்கும் சேர்த்து ஒரு ஃபார்முலா எழுதுகிறேன் என்று இறங்கினால் மதியத்தோடு மாலையும் போகும்.

தமிழில் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு இதைச் செய்யப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. கட்டத்தில் ‘கு’ என்று இருந்தால் LEFT தருவது ‘க’. நமக்கு அது ஓர் எழுத்து. கணினிக்கு க என்பது ஒன்று, உகரக் குறி இன்னொன்று. LEN போட்டுப் பார்த்தால் 2 என்று காட்டும். குமாரின் மகளும் கண்ணனின் மகளும் ஒரே இனிஷியலுக்குப் போய்விடுவார்கள். லாகின் பெயரை எப்படியும் ஆங்கில எழுத்தில்தான் வைக்கப் போகிறோம் என்பதால், எமிஸ் பதிவில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கோவையையே எடுத்துக்கொள்வது நல்லது. Kavitha-வா Kavita-வா என்ற வழக்கும் அங்கேயே முடிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையும் உண்டு. இணையப் பக்கத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டிய பெயரின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். Kavitha என்பது ஏழு எழுத்து; பக்கத்துக் கட்டத்தில் =LEN(A2) போட்டு 8 வந்தால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது. TRIM போட்ட பிறகும் 8 என்றே காட்டினால் அது சாதாரண இடைவெளி அல்ல, வரி உடையாமல் இருக்க இணையப் பக்கங்களில் போடும் வேறொரு இடைவெளி. அதன் எண் 160. TRIM அதைத் தொடாது. பெயரைச் சுத்தம் செய்ய இப்படி எழுதலாம்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,UNICHAR(160),"")," ",""),".","")
```

160, சாதாரண இடைவெளி, புள்ளி மூன்றும் போய்விடும். Muthu Lakshmi என்று பிரித்து எழுதியதும் ஒன்றாகிவிடும். பிரித்த பெயரைத் தனிக் கட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். முன்பே செய்தால் இனிஷியலும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வந்த விடையை நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று தேர்ந்து பெயர் நெடுவரிசையின் மேலேயே ஒட்டிவிட்டால் மற்ற ஃபார்முலாக்களை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது தேதி. தேதி என்று நாம் பார்ப்பது கணினிக்கு ஒரு எண். எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது 1. அதிலிருந்து நாள்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வரும். 15-08-2009 என்று காட்டும் கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது 40040. அதனால்தான் ‘கடைசி நான்கு எழுத்துதானே ஆண்டு’ என்று நினைத்து =RIGHT(C2,4) என்று போட்டவருக்கு 2009-க்குப் பதில் 0040 வரும். கவிதா kavitham0040 ஆகிவிடுவாள்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. நாம் தேதியைப் புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். இந்திய அமைப்பில் இருக்கும் எக்செல்லில் 15.08.2009 என்று அடித்தால் அது தேதியாக ஏறாது, வெறும் எழுத்தாகவே கிடக்கும். YEAR அதைக் கண்டதும் #VALUE! என்று கையை விரித்துவிடும். எது தேதி, எது எழுத்து என்று அறிய ஃபார்முலா கூட வேண்டாம். நெடுவரிசையைச் சற்று அகலமாக்கிப் பாருங்கள். யாரும் கைவைத்து ஒதுக்கியிருக்காவிட்டால், உண்மையான தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். 120 வரியையும் ஒரு பார்வையில் பிரித்துவிடலாம்.

இதில் ஒரு விசித்திரம். புதிதாக வந்த கணினியில் விண்டோஸ் அமெரிக்க வழக்கத்தில் இருந்தால் மாதம்தான் முதலில். அங்கே 15/08/2009 என்று அடித்தால் 15-ஆவது மாதம் எது என்று தெரியாமல் அதை எழுத்தாகவே விட்டுவிடும். 05/08/2009 என்று அடித்தாலோ ஏற்றுக்கொள்ளும், ஆனால் மே 8 என்று. ஆக 12-ஆம் தேதி வரை பிறந்தவர்கள் தேதியாகவும் 13-ஆம் தேதி முதல் பிறந்தவர்கள் எழுத்தாகவும் ஒரே பட்டியலில் கலந்து கிடப்பார்கள். பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் வேலைக்கு இது பெரிய கேடு. நமக்கு வேண்டியது ஆண்டு மட்டும் என்பதால் மாதமும் நாளும் இடம் மாறியது பாதிக்காது. எழுத்தாகக் கிடப்பவர்களை மட்டும் கவனித்தால் போதும். கட்டத்தில் எண் இருந்தால் YEAR, இல்லாவிட்டால் கடைசி நான்கு எழுத்து என்று சொல்லிவிடலாம்:

```
=IF(ISNUMBER(C2),YEAR(C2),RIGHT(TRIM(C2),4))
```

15.8.09 என்று சுருக்கி எழுதிய ஓரிருவருக்கு இது 8.09 என்று தரும். விடையைப் பார்த்தாலே தெரியும், கையால் திருத்திவிடலாம். தேதியே இல்லாத காலிக் கட்டம்தான் தந்திரமானது. வெறும் YEAR போட்டிருந்தால் பிழை காட்டாமல் எக்செல் 1900 என்று தரும், கூகுள் ஷீட்ஸ் 1899 என்று தரும். பத்தாம் வகுப்பில் நூற்று இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள ஃபார்முலாவில் காலிக் கட்டத்துக்கு ஆண்டு வராது. யூசர்நேம் எழுத்தோடு நின்றுவிடும். எதுவானாலும், ஃபில்டர் போட்டு எந்தெந்த ஆண்டுகள் வந்திருக்கின்றன என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போதுதான் இந்த விதியின் அடிப்படைக் கோளாறு கண்ணில் படும். ஃபில்டரில் 2009, 2010 என்று இரண்டு ஆண்டுகள், தப்பித்தவறி மூன்றாவது ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் பிறந்திருப்பார்கள். எட்டு வயது முதல் எண்பது வயது வரை உறுப்பினர் உள்ள ஒரு நூலகத்தில் பிறந்த ஆண்டு ஆளை ஆளிடமிருந்து நன்றாகப் பிரித்துக் காட்டும். ஒரு வகுப்பில் அது நான்கு எழுத்தை நிரப்புகிறதே தவிர யாரையும் பிரிப்பதில்லை. இனிஷியலும் பெரிய உதவி செய்யாது. முருகன், மணி, மாரியப்பன் என்று மூன்று அப்பாக்கள் இருந்தால் மூவரின் மகள்களுக்கும் எம்தான். மூவரும் கவிதா என்று பெயர் வைத்திருந்தால் 9, 47, 88 ஆகிய வரிகளில் மூன்று kavitham2009.

வேறு வழியாகவும் மோதல் வரும். Raja என்ற பையனுக்கு இனிஷியல் N, அவன் rajan2009. Rajan என்று இனிஷியல் எழுதாமல் விடப்பட்ட இன்னொரு பையனும் rajan2009. பெயர் எங்கே முடிகிறது, இனிஷியல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு நடுவில் அடையாளம் இல்லாததால் வரும் குழப்பம் இது. ஆனால் எந்த வழியில் வந்தாலும் மோதலைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றே. D-யில் வந்த பெயர்களை எண்ணி, இரண்டாவது முறை வருவதற்கு -2, மூன்றாவதற்கு -3 என்று வால் ஒட்டலாம். E2-வில்:

```
=D2&IF(COUNTIF(D$2:D2,D2)>1,"-"&COUNTIF(D$2:D2,D2),"")
```

இதில் உயிர் இருப்பது D$2:D2 என்ற இடத்தில். $ போட்ட முதல் முனை 2-ஆம் வரியிலேயே நிற்கும். மறுமுனை கீழே இழுக்க இழுக்க நீளும். 9-ஆவது வரியில் இது D$2:D9. அதுவரை ஒரு kavitham2009 மட்டுமே, எனவே வால் இல்லை. 47-ஆவது வரியில் D$2:D47. இரண்டு வந்துவிட்டது, எனவே kavitham2009-2. 88-ஆவது வரியில் kavitham2009-3.

$ குறியை மறந்து D2:D2 என்று எழுதினால் ஒவ்வொரு வரியும் தன்னை மட்டுமே எண்ணிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒன்று என்றே வரும், யாருக்கும் வால் முளைக்காது, பிழைச் செய்தியும் வராது. பட்டியல் சுத்தமாக இருப்பதுபோல் தோன்றும்; லாகின் உருவாக்கும்போதுதான் ‘இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது’ என்று சர்வர் திருப்பியடிக்கும். மறுபுறம் D$2:D$121 என்று இரண்டு முனையிலும் $ போட்டால் மூன்று கவிதாக்களுக்குமே -3 ஒட்டும். முன்பு மூவருக்கும் ஒரே பெயர். இப்போதும் மூவருக்கும் ஒரே பெயர்தான், கொஞ்சம் நீளமாக. நடுவில் சிறுகோடு போடாமல் எண்ணை நேரே ஒட்டுபவர்களும் உண்டு. kavitham20092 என்று வரும். அதைப் பார்ப்பவர் எதை ஆண்டு என்று படிப்பது?

நீளத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. விண்டோஸ் லாகின் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. பள்ளி சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி இருந்தாலும் அதன் பழைய பாணி லாகின் பெயருக்கு இதே 20 தான். வெளிநாட்டுப் பெயர்களுக்கு இது தாராளம். நம் balasubramaniyan மட்டுமே 16 எழுத்து. இனிஷியல் ஒன்று, ஆண்டு நான்கு சேர்ந்தால் 21. ஓர் எழுத்தால் வாசலிலேயே நின்றுவிடுவான். பெயரில் முதல் 12 எழுத்தை மட்டும் எடுத்தால் balasubraman என்று வரும். அதோடு ஐந்து சேர்ந்து 17. -2 ஒட்டினால் 19. இரண்டிலக்க வால் வந்தாலும் 20-க்குள் அடங்கும். சேர்த்து எழுதினால் D2 இப்படி ஆகும்:

```
=LOWER(LEFT(A2,12)&LEFT(B2,1)&IF(ISNUMBER(C2),YEAR(C2),RIGHT(TRIM(C2),4)))
```

பெயரை வெட்டிய பிறகுதான் மோதலை எண்ண வேண்டும் என்பது இங்கே முக்கியம். Balasubramanian என்று ஒருவனும் Balasubramaniyan என்று ஒருவனும் இருந்தால் முழுப் பெயரில் அவர்கள் வேறு வேறு. 12 எழுத்தில் ஒன்று. நம் E நெடுவரிசை D-யைப் பார்த்து எண்ணுவதால் அது சரியாகவே நடக்கும்.

பிறந்த ஆண்டைப் பற்றி இன்னொரு ஆட்சேபணை எனக்கு உண்டு, முன்னதைவிடக் கனமானது. பல பள்ளிகளில் முதல் பாஸ்வேர்டு பிறந்த தேதியேதான், 15082009 என்று எட்டு இலக்கம். எட்டு இலக்கம் என்றதும் பலமாகத் தோன்றும். ஆனால் யூசர்நேமிலேயே 2009 என்று எழுதி வைத்துவிட்டோம். மீதி நான்கு இலக்கம் ஒரு நாளும் ஒரு மாதமும். 365-க்கு மேல் வாய்ப்பே இல்லை. அதையும் தேட வேண்டியதில்லை, பிறந்தநாளன்று வகுப்பு முழுக்க சாக்லெட் கொடுத்த பிள்ளையின் தேதி வகுப்புக்கே தெரியும். ஆண்டு இருந்தே தீர வேண்டும் என்று விதி சொன்னால் பாஸ்வேர்டில் பிறந்த தேதியின் நிழல் கூட இருக்கக் கூடாது. விதியை மாற்ற அதிகாரம் இருந்தால் ஆண்டை எடுத்துவிட்டு அட்மிஷன் நம்பரைப் போட்டுவிடலாம். அது பள்ளியில் ஒருவருக்கு ஒன்றுதான். தேதித் தொல்லை இல்லை, COUNTIF-உம் வேண்டாம். பிள்ளைக்கு நினைவில் நிற்குமா என்பது மட்டுமே கேள்வி. அடையாள அட்டையில் அச்சிட்டிருந்தால் அதுவும் தீர்ந்தது.

பட்டியல் முடிந்ததும் E நெடுவரிசையை நகலெடுத்து அடுத்த நெடுவரிசையில் வேல்யூஸாக ஒட்டி, அதையே லாகின் பெயர் என்று அறிவிக்க வேண்டும். ஃபார்முலாவாகவே விட்டுவைத்தால், அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வரிசையில் யாராவது தாளை அடுக்கும்போது கவிதாக்களின் வரிசை மாறும். -2 வேறொருத்திக்குப் போய்விடும். அவள் தன் பெயர் என்று காட்டுவதை அடித்தால் திறப்பது இன்னொருத்தியின் ஃபைல்கள். பதிவேட்டில் பிறந்த ஆண்டு தவறு என்று பிற்பாடு திருத்தினாலும் லாகின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. அது ஏற்கெனவே ஒரு பெயராகிவிட்டது, இனி அதற்குள் இருக்கும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் தேவையில்லை.

நடு ஆண்டில் புதிதாகச் சேரும் பிள்ளையை 122-ஆவது வரியில், அதாவது எப்போதும் கடைசியில் சேர்க்க வேண்டும். TC வாங்கிக்கொண்டு போன பிள்ளையின் வரியை அழிக்காமல், பக்கத்தில் ‘விலகினார்’ என்று குறித்து அப்படியே விட்டுவைக்க வேண்டும். அழித்துவிட்டால் எண்ணிக்கை ஒன்று குறையும். அடுத்து வரும் நான்காவது கவிதாவுக்கு, இன்னும் அங்கேயே படித்துக்கொண்டிருக்கும் மூன்றாவது கவிதாவின் -3 போய்ச் சேரும்.